மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே வீடியோ: வெளிநாடு போகும் இன்சார்ஜ் சிஸ்டருக்கு

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் இன்சார்ஜாக இருக்கிறேன். இங்கேயே 11 வருடம். அடுத்த மாதம் இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குச் சேரப் போகிறேன். என் கீழ் 22 ஸ்டாஃப் நர்ஸ்கள், மூன்று ஷிஃப்ட். எல்லோரையும் ஒரே நேரத்தில் நிற்கவைத்துப் பேச வழியில்லை என்பதால் ஒரு வீடியோ எடுத்து அனுப்பலாம் என்று நினைத்தேன். எழுதிவைத்துப் படித்தால் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கிறது. எழுதாமல் பேசினால் ஒன்பது நிமிடம் போகிறது, பாதியில் அழுதுவிடுகிறேன். யார் பெயரைச் சொல்வது, யாரை விடுவது என்று தெரியவில்லை. நைட் டியூட்டி விஷயத்தில் ஒரு சிஸ்டருக்கும் எனக்கும் ஆறு மாதமாகச் சரியான பேச்சு இல்லை. அவரைப் பற்றி என்ன சொல்வது? எழுதிய தாளையும் இதனுடன் அனுப்பியிருக்கிறேன். வழி சொல்லுங்கள்.
பெயர் வெளியிட வேண்டாம், மதுரை

பதில்:

சிஸ்டர், உங்கள் தாளைப் படித்ததுமே ஒன்பது நிமிடம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டது. மூன்று வேலைகளை ஒரே வீடியோவின் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள். முதல் பகுதி முழுக்க நிர்வாகத்துக்கும் டாக்டர்களுக்கும் நன்றி. நடுவில் அவசர மருந்து வண்டியான க்ராஷ் கார்ட் செக் பண்ண மறக்காதீர்கள், ஸ்டாக் ரெஜிஸ்டரில் விடாமல் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு ஹேண்டோவர். கடைசிப் பகுதியில்தான் உங்கள் நர்ஸ்களோடு பேச ஆரம்பிக்கிறீர்கள். அதற்குள் ஆறு நிமிடம் போய்விடுகிறது, உங்களுக்கும் மூச்சு வாங்குகிறது.

நிர்வாகத்துக்கும் டாக்டர்களுக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கு அதுதான் மரியாதையும்கூட. க்ராஷ் கார்ட், ஸ்டாக் விஷயமெல்லாம் அடுத்து இன்சார்ஜாக வருபவரோடு உட்கார்ந்து எழுத்தில் ஒப்படைக்க வேண்டியவை. வீடியோவில் சொன்னால் புதிய இன்சார்ஜுக்குச் சங்கடம். அவர் ஏதாவது மாற்ற நினைத்தால் ‘பழைய அக்கா இப்படித்தானே சொன்னாங்க’ என்று அந்த வீடியோவையே யாராவது காட்டுவார்கள். இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது உங்கள் ஆட்களோடு பேசுவது மட்டும்தான். அதற்கு மூன்று நிமிடம் போதும். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு டிரெஸ்ஸிங் ரூமில் செருப்பை மாற்றிக்கொண்டே ஃபோனைத் திறக்கிறவர் கடைசி வரை பார்ப்பது அந்த அளவுதான்.

செய்தி வாசிப்பது மாதிரி இருப்பதற்குக் காரணம் உங்கள் தாளிலேயே இருக்கிறது. இந்த வரியைப் பாருங்கள்: ‘இக்கட்டான கொரோனா காலகட்டத்தில் தங்கள் உயிரையும் பொருட்படுத்தாது அயராது பணியாற்றிய என் சக செவிலியர்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.’ இந்த 11 வருடத்தில் வார்டுக்குள் ஒரு நாளாவது யாரிடமாவது இப்படிப் பேசியிருப்பீர்களா? வாய்க்குப் பழகாத வாக்கியம் என்பதால் கண் தானாகத் தாளைத் தேடுகிறது. குரலும் தட்டையாகிவிடுகிறது. ஆனால் அதே தாளின் ஓரத்தில், உங்களுக்காகக் குறித்துவைத்த மாதிரி, பென்சிலில் நான்கைந்து வார்த்தைகள் இருக்கின்றன: ‘மே 2021, பி.பி.இ., தண்ணி, முதுகுல பேரு.’ அந்த வார்த்தைகளில்தான் உங்கள் வீடியோ இருக்கிறது.

உங்கள் தங்கைக்கோ கூடப் படித்த தோழிக்கோ ஃபோன் போட்டு அந்த மே மாதக் கதையைச் சொல்லுங்கள். சொல்லும்போது குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம் அதைக் கேட்டு, வந்த வார்த்தையிலேயே எழுதுங்கள். திருத்த வேண்டாம். உங்கள் குறிப்பை வைத்து நான் ஊகித்து எழுதிப் பார்த்தது இது:

‘2021 மே மாசம் ஞாபகம் இருக்கா? பி.பி.இ. போட்டுட்டா கழட்டுற வரைக்கும் தண்ணி குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. அதுக்காக டியூட்டிக்கு வர்றதுக்கு முன்னாடியே தண்ணி குடிக்கிறதை நிறுத்திட்டு வந்தீங்க. உள்ள போனா யாரு எவருன்னு தெரியாது. அதனால ஒவ்வொருத்தர் முதுகுலயும் ஸ்கெட்ச் பேனாவுல நான்தான் பேரு எழுதி விடுவேன். எழுதும்போது முதுகு சூடா இருக்கும். அதை நான் மறக்கவே மாட்டேன்.’

இதில் நன்றி என்ற சொல் இல்லை, தியாகம் இல்லை. அன்று அங்கே இருந்தவர்களுக்கு வேறெதுவும் தேவையும் இல்லை. நடந்தது வேறு மாதிரி என்றால் உங்கள் கதையையே எழுதுங்கள். நான் சொல்ல வருவது அளவைப் பற்றி. கண்ணால் பார்த்த, கையால் தொட்ட ஒரே ஒரு விஷயம், நாற்பது வினாடி. நிதானமாகப் பேசினால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு நிமிடத்தில் சுமார் நூறு தமிழ்ச் சொற்கள் போகும். உங்கள் வேகத்தைத் தெரிந்துகொள்ள, ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து எண்ணிப் பாருங்கள். மூன்று நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று தெரிந்துவிட்டால் எதை வெட்டுவது என்பது கஷ்டமாக இருக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தனியார் மருத்துவமனைகளில் நர்ஸ்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். உங்கள் 22 பேரில் எத்தனை பேர் 2021இல் அங்கே இருந்தார்கள் என்று பாருங்கள். பாதிப் பேராவது அதற்குப் பிறகு சேர்ந்தவர்களாக இருப்பார்கள். வீடியோ முழுக்க கொரோனா கதை என்றால் அந்தப் பாதிப் பேர் அடுத்த வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பது போல உட்கார்ந்திருப்பார்கள். அதனால் இரண்டாவது கதை புதியவர்களைப் பற்றியதாக இருக்கட்டும். அதற்கும் உங்கள் தாளிலேயே பொருள் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் அலாரம் அடித்தால் மானிட்டரைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அருமையான கவனிப்பு. அதை இப்படி முடிக்கலாம்: ‘இப்ப நீங்க திரும்பிக்கூடப் பாக்காம, சத்தத்தை வச்சே இது இன்ஃப்யூஷன் பம்பு, இது வென்டிலேட்டருன்னு சொல்றீங்க. போன வாரம் நான் எழுந்திரிக்கிறதுக்குள்ள ஒருத்தங்க போய் பார்த்தாச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இனிமே நான் போகலாம்னு.’ ஐ.சி.யு. நர்ஸுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை. அதுவும் யாரையும் பெயர் சொல்லி உயர்த்தாமல், யாரையும் விடாமல் சொல்ல முடிகிறது.

சரி, பெயர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி வீடியோக்களில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் தாளில் ஏழு பேருக்குத் தனித்தனியாகப் பாராட்டு, கடைசியில் ‘மற்றும் அனைவருக்கும்’. அந்த ‘மற்றும் அனைவருக்கும்’ என்பதில் விழுகிற 15 பேர் வீடியோவில் வேறு எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படியானால் 22 பேரைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடலாமா என்றால், ஆளுக்கு எட்டு வினாடி என்று வைத்தாலே கிட்டத்தட்ட மூன்று நிமிடம் அதற்கே போய்விடும். அதோடு 22 பாராட்டுகளை அடுத்தடுத்துக் கேட்டால், யாருக்கு நீளமாகச் சொன்னார், யாருக்குச் சும்மா சொன்னார் என்று மனசு தானாக எடைபோடும். ‘எப்பவும் சிரிச்ச முகம்’ என்று இரண்டு பேருக்கு வந்துவிட்டால் அது பாராட்டாகவே இருக்காது.

வீடியோவில் தனிப் பாராட்டு யாருக்கும் வேண்டாம். எல்லோருடைய பெயரையும் ஒரு தடவை, நிதானமாக, கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுங்கள். டியூட்டி ரோஸ்டரில் என்ன வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில். அது அவர்களுக்கு மனப்பாடமான வரிசை, அதனால் ஏன் இவர் முன்னால், அவர் பின்னால் என்ற கேள்வியே வராது. ரோஸ்டரில் ஸ்டெல்லா மேரி என்று இருந்தாலும் நீங்கள் ‘ஸ்டெல்லா’ என்று கூப்பிடுவீர்கள் என்றால் ஸ்டெல்லாதான். இனிஷியல், பதவி எதுவும் வேண்டாம். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் அந்த முகத்தை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். 22 பெயருக்கு நாற்பது, நாற்பத்தைந்து வினாடி ஆகும். முதுகில் பேர் எழுதிய கதை முடிந்த கையோடு இதற்குப் போகலாம் என்று முதலில் தோன்றும். வேண்டாம், அலாரம் கதைக்குப் பிறகு வையுங்கள். அப்போதுதான் பழையவர்கள், புதியவர்கள் எல்லோரும் ஒரே பட்டியலில் வருவார்கள்.

தனிப் பாராட்டை எங்கே சொல்வது? அதற்கு ஆளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ், இருபது முப்பது வினாடி. ஒரு தாளில் 22 பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர் செய்து நீங்கள் பார்த்த ஒன்றை மட்டும் எழுதுங்கள். எழுதியதை அடுத்த பெயருக்கு எதிரே வைத்துப் பாருங்கள், அங்கேயும் பொருந்தினால் அடித்துவிட்டு வேறு யோசியுங்கள். ‘நல்ல பொறுப்பு’ என்பது யாருக்கும் பொருந்தும். ‘அந்தப் பாட்டிக்குக் காது கேட்காதுன்னு முதல் நாளே கண்டுபிடிச்சு, கையில எழுதிக் காட்டினது நீதான்’ என்பது ஒருத்திக்குத்தான். சிலருக்கு எதிரே எழுத எதுவும் தோன்றாது. அவர்கள் பெரும்பாலும் நிரந்தர நைட் டியூட்டிக்காரர்கள், நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு வேலை செய்தவர்கள். கடைசி வாரங்களில் ஒரு நைட் டியூட்டி போட்டுக்கொண்டு அவர்களோடு இருங்கள். எழுதுவதற்கு நிறையக் கிடைக்கும்.

இன்னொன்று. 22 ஸ்டாஃப் நர்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆயாம்மாக்கள், வார்டு பாய், ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் எண்ணிக்கையில் வரவில்லை. அவர்கள் நர்ஸிங் ரோஸ்டரில் இருக்க மாட்டார்கள், வார்டு வாட்ஸ்அப் குழுவிலும் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கிறீர்களே, அந்தப் பக்கம் கை கொடுத்தது யார்? அவர்கள் பெயரையும் அதே பட்டியலில், அதே குரலில் கூப்பிடுங்கள். அவர்களுக்கு வீடியோவை யாராவது ஃபோனில் காட்டுவார்கள் என்று விட்டுவிடாமல், கடைசி நாள் நீங்களே உட்காரவைத்துக் காட்டிவிடுங்கள். குழுவில் போடுவதற்கு முன்னால் முதலில் பார்த்தவர்கள் அவர்களாக இருந்தால் இன்னும் நல்லது.

அந்த சிஸ்டர் விஷயம். உங்கள் தாளின் கடைசிப் பத்தியில் ‘யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று இருக்கிறது. நம் ஊரில் விடைபெறுகிற எல்லோரும் சொல்கிற வாக்கியம்தான். உங்கள் வார்டில் மட்டும் அதைச் சொல்லாதீர்கள். ஆறு மாதமாக நடப்பது எல்லோருக்கும் தெரியும். நீங்கள் அந்த வரியைச் சொன்ன நிமிடம் மற்ற 21 பேரின் கண்ணும் அவர் பக்கம் திரும்பும். உங்களுக்கு மனபாரம் இறங்கும், அவருக்கோ எல்லோர் முன்னாலும் மன்னித்தாக வேண்டிய நிலைமை. மனக்குறை ஒருவரோடு என்றால் பேச்சும் அவரோடு மட்டும்தான்.

வீடியோ எடுப்பதற்கு முன்பே, ஒரு ஹேண்டோவர் முடிந்த பிறகு, அவரைத் தனியாகப் பாருங்கள். ஆள் வராத இடம், நின்றபடியே இரண்டு நிமிடம் போதும். பழைய ரோஸ்டரை எடுத்துவைத்து யார் சரி என்று பேச ஆரம்பித்தால் முடியாது. நடந்ததில் உங்களுக்குச் சந்தேகமே இல்லாத ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: ‘உங்களுக்குத் தொடர்ந்து நைட் விழுந்துச்சு. நீங்க கேட்டப்போ நான் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கணும், சொல்லல. போறதுக்கு முன்னாடி இதைச் சொல்லணும்னு தோணுச்சு.’ உங்கள் விஷயத்தில் உண்மை எதுவோ அதைச் சொல்லுங்கள், ஆனால் இந்த அளவுக்கு மேல் போக வேண்டாம். ‘ஆனா நீங்களும்’ என்று தொடங்கும் வாக்கியம் எதுவும் வேண்டாம். பதிலுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாலும் போகட்டும். வீடியோவில் ரோஸ்டர் வரிசைப்படி அவர் பெயர் வரும்போது மற்றவர்களைக் கூப்பிட்ட அதே குரல், அதே இடைவெளி. கூடுதல் அன்பு காட்டினாலும் தெரிந்துவிடும். அவருக்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ் உண்டு. அதில் பிரச்சினையைப் பற்றி எதுவும் வேண்டாம், அவர் நர்ஸாகச் செய்த நல்லது ஒன்று போதும்.

உங்கள் தாளில் ஒரு நோயாளியின் கதையும் இருக்கிறது. பெயர் போடவில்லை என்பது சரி. ஆனால் ஊர், மாதம், எப்படி விபத்து நடந்தது என்ற மூன்றும் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஒருவர் கேட்டால் யாரென்று உடனே சொல்லிவிடுவார். வார்டு குழுவில் போடுகிற வீடியோ அந்தக் குழுவோடு நிற்காது. ஸ்டேட்டஸில் வரும், ஊருக்குப் போகும், நோயாளியின் உறவினர் யாருடைய ஃபோனிலாவது வந்து நிற்கும். அதனால் அந்தக் கதையை எடுத்துவிடுங்கள். அதில் நீங்கள் மறக்க முடியாதது உங்கள் நர்ஸ் ஒருவர் ஷிஃப்ட் முடிந்தும் போகாமல் நின்றது என்றால், அதை அவருடைய வாய்ஸ் மெசேஜில் சொல்லுங்கள். கொரோனாவில் வீட்டில் ஆளை இழந்தவர்கள் உங்கள் டீமில் இருந்தால், அந்த இழப்பையும் அவரைக் கேட்காமல் வீடியோவில் கொண்டுவர வேண்டாம்.

இங்கிலாந்தைப் பற்றி எவ்வளவு சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் டீமில் பாதிப் பேர் அதைத்தான் எதிர்பார்த்துக் கேட்பார்கள். ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர், மருத்துவமனையோடு போட்ட பான்ட் முடியக் காத்திருப்பவர், வீட்டுச் சூழலால் போகவே முடியாதவர் என்று எல்லோரும் இருப்பார்கள். ‘என் கனவு நனவாகிவிட்டது’ என்ற வரியைப் போக முடியாதவரின் காதால் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதிலாக உண்மை நிலவரத்தைச் சொல்லலாம். போனவுடன் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வைப் பாஸ் பண்ணினால்தான் அங்கே பதிவு செய்த நர்ஸ். அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். வேலை என்றால் அதுவரை பொதுவாக பேண்ட் 4 என்ற நிலைச் சம்பளம், அப்புறம் பேண்ட் 5, அதாவது ஸ்டாஃப் நர்ஸ். இங்கே இன்சார்ஜாக இருந்தவர் அங்கே முதல் படியிலிருந்து ஆரம்பிக்கிறார். ‘அடுத்த மாசம் நான் ஜூனியர். அலாரம் அடிச்சா யாரோ ஒருத்தங்க முகத்தைத்தான் பார்க்கப்போறேன்’ என்று சொன்னால், கேட்கிற புதியவர்களுக்கு உங்கள் மேல் வரும் நெருக்கம் வேறு எதிலும் வராது.

எந்த ஏஜென்சி வழியாகப் போனீர்கள் என்பதை வீடியோவில் சொல்ல வேண்டாம். சொன்னால் அது விளம்பரமாகிவிடும். மேலும் ‘எங்க ஆளுங்களைக் கூப்பிட்டுக்கிட்டுப் போறாங்க’ என்ற பேச்சு நர்ஸிங் சூப்பரின்டென்டன்ட் காதுக்குப் போகும், உங்கள் ரிலீவிங் ஆர்டரும் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டும் இன்னும் கைக்கு வராத நேரத்தில். கேட்பவர்களுக்குத் தனியாகச் சொல்லுங்கள். அப்போது ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: இங்கிலாந்து அரசின் ஆள்சேர்ப்பு நெறிமுறைப்படி, வேலை வாங்கித் தருவதற்காக நர்ஸிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாது.

‘எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க, நான் இருக்கேன்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே கோடையில் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம். நீங்களும் அங்கே ஷிஃப்டில் இருப்பீர்கள். முதல் ஆறு மாதம் தேர்வு, குளிர், புது வார்டு என்று உங்களுக்கே மூச்சுவிட நேரம் இருக்காது. பத்துப் பேர் கூப்பிட்டு நீங்கள் எடுக்காமல் போனால் ‘போனதும் மாறிட்டாங்க’ என்று ஆகிவிடும். காப்பாற்றக்கூடிய ஒன்றை மட்டும் சொல்லுங்கள். ‘மெசேஜ் போடுங்க, லேட்டானாலும் பதில் போடுவேன்’ என்பது போதும். வார்டு நோயாளியைப் பற்றி அங்கிருந்து ஆலோசனை சொல்வதாக மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம். வேலையை விட்ட பிறகு அந்த விவரங்கள் உங்கள் காதுக்கு வரவே கூடாது.

அழுகையைப் பற்றி. எந்த இடத்தில் உடைகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். பெரும்பாலும் ஒரே ஒரு வரியாகத்தான் இருக்கும். அந்த வரியை மட்டும், பதிவுக்கு முந்தைய நாள், சமையல் செய்யும்போது, துணி மடிக்கும்போது வாய்விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு தொண்டை பழகிவிடும். அந்த வரி வீடியோவின் கடைசியில் இருந்தால் நடுப்பகுதிக்கு மாற்றுங்கள். கடைசியில் இருந்தால், வரப் போகிறது வரப் போகிறது என்று முதலிலிருந்தே குரல் இறுகும். பதிவின்போது கண் கலங்கினால் பேச்சை நிறுத்தி, வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சை விட்டு, விட்ட வரியிலிருந்தே தொடருங்கள். கேமராவை நிறுத்த வேண்டாம், அந்த இரண்டு மூன்று வினாடியை வெட்டவும் வேண்டாம். வார்த்தையே புரியாத அளவுக்கு அழுதால் மட்டும் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் எடுங்கள். நைட் டியூட்டி முடித்த காலையில் எடுக்காதீர்கள், தூக்கமில்லாத உடம்புக்கு அழுகை சீக்கிரம் வரும்.

பதிவு பண்ணும் இடம் வார்டாக இருக்கவே கூடாது. மானிட்டரில் நோயாளி பெயர், போர்டில் படுக்கை வாரியாகப் பெயர், பின்னால் கேஸ் ஷீட் எல்லாம் படத்தில் விழும். அலாரம் சத்தமும் விடாது. யூனிஃபார்மும் ஐ.டி. கார்டும் போட்டுக்கொண்டு பேசினால் மருத்துவமனை சார்பில் பேசுவது போல ஆகும், அதற்கு சூப்பரின்டென்டன்ட் அனுமதி வாங்க வேண்டும். வீட்டில், நீங்கள் டியூட்டிக்கு வரும்போது உடுத்தி வருகிற சாதாரணச் சுடிதாரிலோ சேலையிலோ பேசுங்கள். ஜன்னலைப் பார்த்தபடி உட்காருங்கள், வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கருத்துவிடும். ஃபோனைக் கண் மட்டத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், புத்தக அடுக்கில் சாய்த்து வையுங்கள். லென்ஸை ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.

நம் வீடுகளில் வீடியோவைக் கெடுப்பது மின்விசிறிதான். நம் காதுக்குப் பழகிப்போனதால் தெரியாது, ஃபோன் மைக் அதைப் பேச்சோடு சேர்த்துப் பிடித்துவிடும். மூன்று நிமிடம்தானே, விசிறியையும் ஏ.சி.யையும் நிறுத்திவிடுங்கள். வயர் உள்ள இயர்ஃபோன் இருந்தால் அதைச் செருகி, மைக் பகுதியைக் கழுத்துக்குக் கீழே துப்பட்டாவில் உரசாமல் மாட்டிக்கொள்ளுங்கள். சில ஃபோன்களில் வீடியோ எடுக்கும்போது அந்த மைக் வேலை செய்யாது, அதனால் முதலில் பத்து வினாடி எடுத்துக் கேட்டுப் பார்த்துவிடுங்கள். அழைப்பு வராமல் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள்.

எதிரே எழுதிய தாள் வேண்டாம். ஒரு சின்ன அட்டையில் பெரிய எழுத்தில் ‘முதுகு, அலாரம், பேர், ஜூனியர்’ என்று நாலு சொல், லென்ஸுக்குக் கீழே ஒட்டிவிடுங்கள். பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்தே படியுங்கள், தவறில்லை. ஒரு பெயர் விட்டுப்போவதைவிட அது எவ்வளவோ மேல். பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரையும் பார்த்துவிட்டு லென்ஸைப் பார்த்துச் சொல்லுங்கள். டீமில் தமிழ் சரியாகத் தெரியாத மலையாளி சிஸ்டர்கள் இருந்தால், அவர்களோடு சாப்பாட்டு நேரத்தில் எந்த மொழியில் பேசுவீர்களோ அதில் இரண்டு வரி சேருங்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோவைச் சுருக்கிவிடும். அனுப்பும்போது மேலே வரும் HD என்பதைத் தொட்டு அனுப்புங்கள், ஃபோனில் பார்ப்பதற்கு அது போதும். Document ஆக அனுப்பினால் தரம் அப்படியே இருக்கும், ஆனால் 1080பி-யில் எடுத்த மூன்று நிமிட வீடியோ இருநூறிலிருந்து நானூறு எம்.பி. வரை வரலாம். பாதிப் பேர் ஃபோனில் இடம் இருக்காது. அசல் கோப்பை நீங்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கேட்பவர்களுக்கு அனுப்பலாம்.

அனுப்பும் முன் கோப்பை ஒருவரிடம் காட்டுங்கள். உங்களுக்கு நெருக்கமான தோழியிடம் காட்டினால் அழுதுவிட்டு நல்லா இருக்கு என்பார். டீமில் கடைசியாகச் சேர்ந்த நர்ஸிடம் கொடுத்து, ரோஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு பெயர்களை டிக் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு பெயர் விட்டிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எடுத்து ஒட்டாமல், பட்டியல் முழுவதையும் புதிதாகக் கூப்பிட்டு எடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், கடைசி டியூட்டி முடிந்து, வாய்ஸ் மெசேஜ்களும் ரெடியான பிறகு, இரவு ஒன்பது மணி வாக்கில் குழுவில் போடுங்கள். காலை, மதியம் ஷிஃப்ட் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். நைட் டியூட்டியில் இருப்பவர்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், காலையில் ஹேண்டோவர் கொடுத்த பிறகு பார்க்கட்டும்.